ஏடிஎம்மில் சிக்கிய பணம்: ஐந்து நாள் கணக்கு

கேள்வி: சனிக்கிழமை ராத்திரி வேறு வங்கி ஏடிஎம்மில் பத்தாயிரம் எடுக்கப் போனேன். மிஷின் எண்ணுகிற சத்தம் கேட்டது, பணம் வரவில்லை. ஆனால் கழித்துவிட்டதாக எஸ்எம்எஸ் வந்தது. அந்த வங்கியில் போய்க் கேட்டால் "உங்க பேங்க்ல கேளுங்க" என்கிறார்கள். பணம் தானாக வருமா?

பதில்: பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். அவர்கள் சொன்னதும் சரிதான். மிஷின் யாருடையதாக இருந்தாலும், உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கியில்தான் புகார் செய்ய வேண்டும்.

நோட்டு வெளியே வராவிட்டால், 'கொடுக்கவில்லை, திருப்பி வை' என்று மிஷினே உங்கள் வங்கிக்குத் தகவல் அனுப்பும். அது போய்ச் சேர்ந்தால் சில நிமிடங்களில் பணம் கணக்குக்கு வந்துவிடும். நடுவில் லைன் அறுந்தால்தான் சிக்கல். அப்போது இரண்டு வங்கிகளும் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டும்.

அதற்கும் கெடு உண்டு. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, பரிவர்த்தனை நடந்த நாளை விட்டுவிட்டு, அடுத்த ஐந்து நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். இது காலண்டர் நாள். ஞாயிறும் விடுமுறையும் இதில் அடக்கம். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. நீங்கள் கேட்காமலேயே வங்கி அதை வரவு வைக்க வேண்டும். உங்கள் சனிக்கிழமை 7ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம். கெடு 12ஆம் தேதி. பணம் 16ஆம் தேதி வந்தால் நான்கு நாள் தாமதம்; பத்தாயிரத்தோடு 400 ரூபாயும் வர வேண்டும். நடைமுறையில் அசல் மட்டும் வந்து இழப்பீடு விட்டுப்போவது உண்டு. பாஸ்புக்கைப் பார்த்து, விட்டிருந்தால் எழுதிக் கேளுங்கள்.

அதற்காக ஐந்து நாள் சும்மா இருக்க வேண்டாம். இன்றே புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். நேரம், தொகை, ஏடிஎம் இருக்கும் இடம், ஸ்லிப் இருந்தால் அதிலுள்ள எண்கள், இவ்வளவு போதும். கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கே போன் செய்யுங்கள். இணையத்தில் தேடி எடுக்கும் 'கஸ்டமர் கேர்' எண்களில் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். பணத்தைத் திருப்பித்தர எந்த வங்கியும் பின்னோ ஓடிபியோ கேட்காது.

சில சமயம் "பரிவர்த்தனை வெற்றி" என்று சொல்லிப் புகாரை மூடிவிடுவார்கள். அங்கே விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு முயற்சியும் மிஷினின் ஜர்னல் பதிவில் இருக்கும். உங்களுக்குக் கொடுக்காத பத்தாயிரம், மிஷினில் உள்ள பணத்தை எண்ணிச் சரிபார்க்கும்போது கூடுதலாகத் தெரிய வேண்டும். ஆகவே ஜர்னல் பதிவு, அன்றைய பண இருப்பு அறிக்கை, சிசிடிவி காட்சி மூன்றையும் பார்த்து முடிவு சொல்லும்படி எழுத்தில் கேளுங்கள். கேமரா பதிவு நாளானால் அழிந்துவிடும் என்பதால் அதைப் பத்திரப்படுத்தச் சொல்லி முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதிலில் திருப்தி இல்லை என்றால், cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணம் இல்லை. வங்கியில் புகார் செய்ததற்கான ஆதாரத்தை அங்கே கேட்பார்கள்.