பெயர் கேட்பது தோல்வியா?

கேள்வி: சென்ற இதழ்ச் சிறுகதையில், சாயப்பட்டறைக் கழிவுநீர் ஆலோசகரான பெண், வங்கி அதிகாரிகள் முன்னிலையிலேயே ஆலைப் பொறுப்பாளரிடம் பெயர் கேட்கிறார். அனுபவசாலி யாராவது இப்படிச் செய்வார்களா? விசிட்டிங் கார்டை வாங்கிப் பார்த்துச் சமாளிக்கத் தெரியாதா?
- வாசகர், திருப்பூர்

பதில்: கார்டை முதல் சந்திப்பிலேயே வாங்கியிருப்பார். மூன்று மாதம் கழித்து மறுபடி கேட்டால், மறந்ததோடு மறைத்ததும் தெரிந்துவிடும். ‘பெயரை எப்படி எழுதுவீர்கள்?’ என்கிற தந்திரமும் அப்படித்தான். எதிரில் நிற்பவர் குமார் என்றால் அந்த இடத்திலேயே பிடிபடுவீர்கள்.

அவர் மறந்த விதத்தைக் கதாசிரியர் சரியாகவே எழுதியிருக்கிறார். முதல் நாள் ஆறு பேர் வரிசையாக அறிமுகம் செய்துகொள்கிறார்கள். பொறுப்பாளருக்கு அடுத்த முறை ஆலோசகருடையது. தான் பேசப்போவதை மனத்துக்குள் ஒத்திகை பார்ப்பவர் காதில் முந்தைய பெயர் விழுந்தாலும் தங்காது. உளவியல் ஆய்வாளர் மால்கம் பிரென்னர் 1973-இல் இதைச் சோதித்துக் காட்டினார். வட்டமாக உட்கார்ந்து முறை வைத்துச் சொற்களைப் படித்தவர்கள், தம் முறைக்குச் சற்று முன் படிக்கப்பட்டவற்றையே அதிகம் கோட்டைவிட்டார்கள். அதன் பிறகு நம் வழக்கப்படி மூன்று மாதமும் ‘சார்’தான். ஒருமுறைகூட வாயில் வராத பெயர், தேவைப்படும் நேரத்தில் எப்படி வரும்?

அவர் மீண்ட விதத்தை நீங்கள் அவசரமாகப் படித்துவிட்டீர்கள். அவர் வெறுமனே பெயர் கேட்கவில்லை. “ஆவியாக்கிக் குழாய்களில் சுண்ணாம்பு படிவதால்தான் நீராவிச் செலவு ஏறுகிறது என்று எனக்குக் காட்டியவர் நீங்கள். அதை இவர்களிடம் உங்கள் பெயரோடு சொல்ல வேண்டும். மன்னிக்க வேண்டும், பெயர் நினைவுக்கு வரவில்லை” என்கிறார். அந்த மனிதரின் வேலையை நினைவில் வைத்திருப்பதை முதலில் காட்டிவிட்டு, பிறகு பெயர் கேட்கிறார். வரிசையை மாற்றிப் பாருங்கள், அதே சொற்கள் சாக்குப்போக்காகிவிடும்.

அடுத்து அவர் செய்ததும் முக்கியம். வங்கி அதிகாரி குழாய்களை எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்கிறீர்கள் என்று கேட்டதும், தானே பதில் சொல்லாமல் பொறுப்பாளரைப் பெயர் சொல்லி அழைத்து அவர் பக்கம் திருப்பிவிடுகிறார். சற்று நேரம் விட்டு, கூட்டக் குறிப்பைப் படிக்கும்போது இன்னொரு முறை சொல்கிறார். இப்படி இடைவெளியை நீட்டிக்கொண்டே பெயரை நினைவிலிருந்து எடுப்பது நன்கு பதிய வைக்கும் என்பதை உளவியல் ஆய்வாளர்கள் லேண்டவரும் பியோர்க்கும் 1978-இல் காட்டியிருக்கிறார்கள்.

இது எப்போதும் பலிக்காது. கூட்டம் தொடங்கும்போது கேட்டதால் அவர் தப்பித்தார். அரை மணி நேரம் பேசிவிட்டுக் கேட்டிருந்தால், அத்தனை நேரமும் நடித்ததாகத்தான் அந்தப் பொறுப்பாளர் எடுத்துக்கொள்வார். கதையில் எனக்குள்ள ஒரே குறையும் அவரைப் பற்றியதுதான்: அவ்வளவு விரைவில் அவரைச் சிரிக்க வைத்திருக்க வேண்டாம்.