கழுத்து தொய்ந்த ஸ்வெட்டர், பிரிந்த தையல்: கேள்வி பதில்

கோத்தகிரியிலிருந்து: அக்கா, பாட்டி பின்னிக் கொடுத்த கம்பளி ஸ்வெட்டர். பதினைந்து வருடமாகப் போடுகிறேன். கழுத்து அகன்று போய்த் தோளிலிருந்து நழுவுகிறது. கழுத்துப் பட்டையைப் பிரித்துப் புதிதாகப் பின்னத்தான் வேண்டுமா? பிரிக்க மனசு வரவில்லை.

பிரிக்காதீர்கள். ஊசியையும் இப்போது எடுக்க வேண்டாம், முதலில் தண்ணீரில் ஊறவையுங்கள். கம்பளி இழைக்கு இயல்பாகவே ஒரு சுருள் உண்டு. வருடக்கணக்கில் ஒரே பக்கம் இழுபட்டால் அந்தச் சுருள் நீண்டு அப்படியே நின்றுவிடும். நனைந்தால் பெரும்பாலும் திரும்பி வரும். தொய்ந்ததில் எவ்வளவு வெறும் இழுவை, எவ்வளவு நிரந்தரச் சேதம் என்பது அப்போதுதான் தெரியும். அது தெரியாமல் தைத்தால், அடுத்த முறை துவைக்கும்போது கழுத்து தானாகச் சுருங்கி, தலை நுழையாமல் போகும்.

கை பொறுக்கும் அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு கலந்து இருபது நிமிடம் ஊறவிடுங்கள். கசக்க வேண்டாம், முறுக்கிப் பிழியவும் வேண்டாம். தூக்கும்போது இரண்டு கையாலும் அடியிலிருந்து மொத்தமாக ஏந்தித் தூக்குங்கள். ஈரக் கம்பளிக்கு வலு குறைவு, கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் அதன் எடையே அதை இழுத்துவிடும். பெரிய துண்டில் வைத்துப் பாய் போலச் சுருட்டி அழுத்தினால் தண்ணீர் இறங்கிவிடும். பிறகு சமதரையில் விரித்து, கழுத்துப் பட்டையின் மேடு பள்ளங்களை விரலால் ஒன்றோடொன்று நெருக்கி வைத்து, நிழலில் காயவிடுங்கள். ஊறவைப்பதற்கு முன்பும் காய்ந்த பிறகும் பின்கழுத்தை ஒரு தோள் தையலிலிருந்து மறு தோள் தையல் வரை அளந்து எழுதி வையுங்கள்.

ஊட்டியிலிருந்து: எனக்கும் இதே கதைதான். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் கம்பளி சுருங்கும் என்று தோழி சொன்னாள். போட்டேன், பிறகு ஆவி காட்டி இஸ்திரியும் போட்டேன். சுருங்கவில்லை, இன்னும் தளர்ந்து துவண்டுவிட்டது. ஏன்?

உங்கள் தோழி சொன்னது பாதி சரி. சூடும் அலசலும் சேர்ந்தால் கம்பளி சுருங்கும். ஆனால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி தடித்துப் போகும், கழுத்து மட்டும் அளவாகச் சுருங்காது. உங்களுடையது கம்பளியே இல்லை, அக்ரிலிக் என்று நினைக்கிறேன். மலையில் விற்கும் ஸ்வெட்டர்களில் நிறைய அக்ரிலிக்தான், தொட்டால் வித்தியாசம் தெரியாது. உள்தையலில் தொங்கும் நூலில் ஒரு துண்டு வெட்டி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டிப் பாருங்கள். கம்பளி மெதுவாகக் கருகும், முடி கருகின வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும்.

அக்ரிலிக் சூட்டில் ஒருமுறை தளர்ந்துவிட்டால் அதைத் திருப்ப வழியில்லை. வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். ஊறவைத்தும் பயனில்லை. பின்கழுத்துக்கு உள்ளே இழுவாத சங்கிலி ஒன்றைப் போட்டு அகலத்தைப் பிடிக்கலாம். அதைக் கீழே சொல்கிறேன். பட்டையின் துவண்ட தன்மை மட்டும் அப்படியேதான் இருக்கும்.

கோத்தகிரியிலிருந்து மறுபடியும்: ஊறவைத்துக் காயவைத்துவிட்டேன். 24 சென்டிமீட்டர் இருந்தது 21 ஆகிவிட்டது. இன்னும் நழுவுகிறது.

நல்ல செய்தி. மூன்று சென்டிமீட்டர் தண்ணீரிலேயே திரும்பிவிட்டது. மிச்சத்துக்குத்தான் கைவேலை. பெரியவர்கள் ஸ்வெட்டருக்குப் பின்கழுத்து 17 சென்டிமீட்டர் வாக்கில் இருந்தால் போதும். உங்களுக்குச் சரியாக உட்காரும் ஸ்வெட்டர் வேறு இருந்தால் அதை அளந்து, அந்த அளவையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்வெட்டரின் எடை முழுவதும் தொங்குவது இரண்டு தோளிலும் பின்கழுத்திலும்தான். முன்கழுத்து எடை எதையும் தாங்குவதில்லை, ஆனால் தலை நுழைய அது விரிய வேண்டும். அதனால் இழுவாத கோடு பின்கழுத்துக்கு மட்டும் போதும், முன்பக்கத்தைத் தொடவே கூடாது. கழுத்தைச் சுற்றி இறுக்கமான தையல் போட்டுவிட்டு, தலை நுழையவில்லை என்று வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஸ்வெட்டரை உள்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். உடம்பும் கழுத்துப் பட்டையும் சேரும் இடத்தில் ஒரு வரம்பு தெரியும். அதே நிறத்தில் கம்பளி நூலும், ஸ்வெட்டர் பின்னிய ஊசியைவிடச் சற்று மெல்லிய குரோஷா ஊசியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தோள் தையலில் தொடங்கி, அந்த வரம்பில் ஒவ்வொரு கண்ணியாக ஊசியைக் கொடுத்து, நூலை இழுத்து, ஊசியில் ஏற்கெனவே இருக்கும் வளையத்துக்குள் விட்டு எடுங்கள். உள்பக்கம் சங்கிலி படுத்துக்கொண்டே போகும்.

கணக்கு இப்படி. உங்கள் பின்னலில் ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு கண்ணி என்று வையுங்கள், 21 சென்டிமீட்டரில் 42 கண்ணி. நான்கு கண்ணியில் சங்கிலி போட்டு ஐந்தாவதைத் தாண்டிப் போனால் 34 சங்கிலி வரும். சங்கிலியும் சென்டிமீட்டருக்கு இரண்டு என்ற அளவிலேயே வந்தால் சரியாக 17 சென்டிமீட்டர். சங்கிலி ஓடும் அளவு ஒவ்வொருவர் கைக்கும் மாறும். அதனால் 17 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு நூலை வெட்டிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாதிக் கழுத்து முடியும்போது சங்கிலி அந்த நூலின் பாதியில் நிற்க வேண்டும். முந்திவிட்டால் கண்ணிகளைக் கொஞ்சம் அடிக்கடி தாண்டுங்கள், பிந்தினால் குறைவாகத் தாண்டுங்கள்.

நடுவில் வெளிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சின்னச் சின்ன மடிப்பு விழுந்தால் இறுக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். கடைசி வளையத்தை விட்டு நூலை இழுத்தால் சங்கிலி முழுவதும் கழன்றுவிடும், பாட்டியின் பின்னலில் ஒரு கண்ணிகூடக் கெடாது. இந்த வழியை முதலில் சொல்வதற்கு அதுதான் காரணம். முடிச்சைப் போடும் முன் ஒருமுறை தலையில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

குன்னூரிலிருந்து ஒரு மூத்த வாசகி: முப்பது வருடமாகப் பின்னுகிறேன் அம்மா. சங்கிலியெல்லாம் ஒட்டுப்போடுவது. பட்டையைப் பிரித்து, குறைவான கண்ணி எடுத்து, மெல்லிய ஊசியில் பின்னினால்தான் நிற்கும்.

பட்டையே நைந்து, அழுத்திவிட்டால் மீண்டும் எழாமல் கிடந்தால், நீங்கள் சொல்வதுதான் வழி. பிரிக்கிறவர்கள் முடித்த ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும், தொடங்கிய ஓரத்திலிருந்து பின்னல் ஒழுங்காக அவிழாது. ஆனால் பதினைந்து வருட நூல் பல இடத்தில் ஒட்டிப்போயிருக்கும், பிரிக்கும்போதே அறும். அதே நிறத்தில் நூலும் கிடைக்காது. மீட்க முடியாத பொருளில் மீட்கக்கூடிய வேலையை முதலில் செய்வோம் என்பது என் கட்சி. இதில் நமக்குள் ஒத்துப்போகாது என்று தெரியும் அம்மா, இருக்கட்டும்.

கொடைக்கானலிலிருந்து: நீங்கள் சொன்னபடி என் மகனுடைய டி-ஷர்ட்டை ஷாம்பு தண்ணீரில் ஊறவைத்தேன். கழுத்து அப்படியேதான் இருக்கிறது.

நான் சொன்னது கம்பளிக்கு. பருத்தி இழையில் அந்தச் சுருள் இல்லை. பனியன் துணிக் கழுத்து துவைத்ததும் சற்றுச் சுருங்கும், போட்ட ஒரு மணி நேரத்தில் மறுபடி தொய்யும். பழைய பட்டையை எடுத்துவிட்டுப் புது ரிப் துணி வைப்பதுதான் சரி. கழுத்துச் சுற்றளவில் நூற்றுக்கு 85 பங்கு நீளம் வெட்டி, நான்கு இடத்தில் சமமாகக் குத்திக்கொண்டு இழுத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

குன்னூரிலிருந்து இன்னொரு வாசகி: என் ஸ்வெட்டரில் அக்குள் தையல் விட்டுவிட்டது. டெய்லரிடம் கொடுத்து மிஷினில் தைத்தேன். ஒரு மாதத்தில் அதே இடத்தில், இந்த முறை துணியோடு கிழிந்திருக்கிறது.

மிஷினின் நேர்த்தையல் இழுவாது, பின்னல் இழுவும். கையைத் தூக்கும்போது இரண்டில் ஒன்று தோற்க வேண்டும். முதல் தடவை நூல் அறுந்தது. டெய்லர் கெட்டியான பாலியஸ்டர் நூல் போட்டிருப்பார், அதனால் இரண்டாவது தடவை நூல் நின்றது, பின்னல் அறுந்துவிட்டது. தைக்கிற நூல் துணியைவிட வலுவாக இருந்தால் இப்படித்தான் ஆகும்.

முதலில் அறுந்த கண்ணியைப் பாருங்கள். ஏணிப்படி மாதிரி கீழே ஓடியிருந்தால் குரோஷா ஊசியால் ஒவ்வொரு படியாக மேலே ஏற்றி, உச்சியில் கம்பளி நூலால் கட்டுங்கள். அதன் பிறகுதான் தையல். ஸ்வெட்டர் நூலில் ஒரு புரியைப் பிரித்தெடுத்து, மழுங்கின முனை ஊசியில் கோத்து, வெளிப்பக்கமிருந்து தையுங்கள். ஓரத்துக் கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் நடுவே குறுக்காகச் சின்னக் கம்பி போல ஒரு நூல் ஓடும். இந்தப் பக்கம் ஒரு கம்பி, அந்தப் பக்கம் ஒரு கம்பி என்று மாற்றி மாற்றி எடுங்கள். தையல் விட்ட இடத்துக்கு மூன்று சென்டிமீட்டர் முன்பே, நல்ல தையலின் மேலேயே தொடங்கி, அதே அளவு தாண்டி முடியுங்கள். நான்கைந்து சென்டிமீட்டருக்கு ஒருமுறை நூலை இழுத்து மூடிவிட்டு, உடனே தையலை நீளவாக்கில் கையால் இழுத்துவிடுங்கள். அந்த இழுப்பில் நூல் தனக்கு வேண்டிய தளர்ச்சியை எடுத்துக்கொள்ளும். இழுத்துவிடாமல் தைத்தால் இதுவும் மிஷின் தையல் மாதிரிதான்.

ஊட்டியிலிருந்து: ஆடி மாதத்தில் விரித்துப் போட்டால் மூன்று நாளானாலும் காயாது. அடுப்புக்கு மேலே கொடியில் போடலாமா?

வேண்டாம். தொங்கவிட்டால் கழுத்து மறுபடி நீளும், அடுப்புச் சூடு அக்ரிலிக்கைத் தளர்த்திவிடும். துண்டில் சுருட்டுவதை இரண்டு தடவை, இரண்டு காய்ந்த துண்டில் செய்யுங்கள். அடியில் காற்று போகும்படி வலைக்கட்டிலிலோ கவிழ்த்த கூடைகள் மேலோ விரித்து, நாளுக்கு இரண்டு முறை புரட்டுங்கள். அவசரமில்லாத ஸ்வெட்டரை மழை விடும்வரை துவைக்காமலே வைத்திருக்கலாம்.

கூடலூரிலிருந்து: அம்மா இலை பறிக்கப் போகும்போதும் இந்த ஸ்வெட்டர்தான் போடுவார். பையின் வார் ஒரு தோளில் இழுக்கும். சங்கிலி போட்டேன், மூன்று வாரத்தில் அந்தப் பக்கம் மட்டும் மறுபடி தொய்ந்துவிட்டது.

அப்படியானால் தொய்வது கழுத்து இல்லை, தோள் தையல். இலை நிறைந்த பையின் எடையைப் பின்கழுத்துச் சங்கிலி தாங்காது. தோள் தையல் மேல் உள்பக்கமாக, கழுத்திலிருந்து கைப்பகுதி சேரும் தையல் வரை, ஒரு விரல் அகலமுள்ள பருத்தி நாடாவை வைத்து இரண்டு ஓரத்திலும் கைத்தையல் போடுங்கள். முதலில் நாடாவை நனைத்துக் காயவைத்துவிடுங்கள், இல்லையென்றால் பின்னால் சுருங்கித் தோளை இழுக்கும். இரண்டு தோளுக்கும் போடுங்கள், ஒரு பக்கம் மட்டும் போட்டால் கோணலாகும். வார் தோளில் உராயும் இடத்தில் நூலே தேய்கிறதா என்பதையும் பாருங்கள். தேய்ந்தால் நாடா மட்டும் போதுமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். ஒரு மாதம் போட்டுவிட்டு, அந்த இடம் எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்லுங்கள்.