டிரேடுக்கு முன் மனநிலை மதிப்பெண்

கேள்வி: ஒவ்வொரு டிரேடுக்கு முன்பும் மனநிலைக்கு மதிப்பெண் போடச் சொல்கிறார்களே, அதில் என்ன தெரியப்போகிறது?

ஆர்டர் போடுவதற்குச் சற்று முன், மனத்தில் உள்ள அவசரத்தையோ பதற்றத்தையோ 1 முதல் 5 வரையிலான ஓர் எண்ணாகக் குறிப்பேட்டில் எழுதி, பின்னர் அதை முடிவுகளோடு ஒப்பிடுவதே இம்முறை. முடிவு தெரிந்தபின் எழுதினால், நட்டமடைந்த டிரேடுக்கெல்லாம் "அப்போதே மனம் சரியில்லை" என்று நினைவு கதை கட்டிவிடும். காய்ச்சல் மாத்திரையை விழுங்கியபின் வெப்பமானி வைப்பது போலத்தான் அது.

முடிவைப் பணமாக அல்லாமல், அந்த டிரேடில் இழக்கத் துணிந்த தொகையின் மடங்காக எழுதுங்கள். இல்லையேல் ஒரே ஒரு பெரிய டிரேடு சராசரியைக் கவிழ்த்துவிடும். எடுத்துக்காட்டாக, 60 டிரேடுகளில் அவசரம் 1 அல்லது 2 என்று குறித்த 40 டிரேடுகள் சராசரியாக 0.3 மடங்கு லாபமும், 4 அல்லது 5 என்று குறித்த 12 டிரேடுகள் 0.5 மடங்கு நட்டமும் தந்திருப்பதாகக் கொள்வோம். உடனே அவசரத்தைக் குற்றம் சொல்லாமல், அந்த 12 வரிகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அவற்றில் 9, முந்தைய நட்டம் நேர்ந்த சில நிமிடங்களிலேயே, நட்டம் ஒரு வரம்பைத் தொட்டதும் வெளியேற்றும் ஸ்டாப்லாஸ் ஆர்டர் இல்லாமல் எடுக்கப்பட்டவை என்றால், உண்மையான கோளாறு அங்கேதான் இருக்கிறது. (12 என்பது சிறிய எண்ணிக்கை என்பதால், இதையும் தற்காலிக ஐயமாகவே கொள்ள வேண்டும்.)

அமைதியாக இருந்தால் லாபம் வரும் என்று இதைப் பலர் புரிந்துகொள்கிறார்கள். மதிப்பெண் காட்டுவது முடிவெடுத்த விதத்தை மட்டுமே, அமைதியாக, விதிப்படி எடுத்த டிரேடும் நட்டத்தில் முடியலாம்.