எறியும் கைக்கு எதிர்க்கால்: எறிதலுக்கு ஒரே பாடவேளைக்கான பாடக்குறிப்பு

கேள்வி: மண்டபம் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டாம் வகுப்பில் 24 பிள்ளைகள். உடற்கல்வி ஆசிரியர் கிடையாது. கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்ப் பந்தை எறிவதற்கு, 40 நிமிடப் பாடவேளை ஒன்றுக்கு மட்டும் பாடக்குறிப்பு எழுத வேண்டும். இருப்பவை ஐந்து பந்துகள். மைதானம் முழுக்க மணல். எப்படி எழுதுவது?

பதில்: முதலில் கற்றல் விளைவை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்; அதில் ஒரே ஓர் அசைவு மட்டும் இருக்கட்டும். பக்கவாட்டில் நிற்பது, முழங்கையைத் தோள் உயரத்துக்குப் பின்னால் கொண்டுபோவது, காலை முன்வைப்பது, இடுப்பும் அதைத் தொடர்ந்து தோளும் திரும்புவது, எறிந்த கை உடலின் குறுக்கே மறுபக்கம் வந்து இறங்குவது எனப் பல பகுதிகள் சேர்ந்ததுதான் முறையான எறிதல். இவை அனைத்தையும் ஒரே குறிப்பில் எழுதினால், ஏழு வயதுப் பிள்ளைக்கு அவற்றில் ஒன்றும் நிலைக்காது. இந்தப் பாடவேளைக்கு நான் தேர்ந்தெடுப்பது எதிர்க்காலை முன்வைப்பதையே. வலது கையால் எறியும் பிள்ளை இடது காலை முன்வைக்கும்போது இடுப்பு முதலில் பின்வாங்கி, பிறகு முன்னோக்கித் திரும்ப இடம் கிடைக்கிறது. எறிதலின் வலுவில் பெரும்பங்கு அந்தத் திருப்பத்திலிருந்தே வருகிறது. அதே பக்கத்துக் கால் முன்னே போனால் இடுப்பு பூட்டிக்கொள்ளும். கை மட்டும் தனியாக வேலை செய்யும். இந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகள் காலை அசைக்காமல் நின்றபடியோ எறியும் கையின் பக்கத்துக் காலை வைத்தோதான் எறிகிறார்கள். ஆகவே குறிப்பேட்டில் எழுத வேண்டிய வாக்கியம் இது: “எறியும் கைக்கு எதிரான காலைக் கோட்டைத் தாண்டி முன்வைத்து, ஐந்து மீட்டர் தொலைவிலுள்ள வலையை நோக்கிப் பந்தை வலுவாக எறிவர்.”

அந்த வாக்கியத்தில் ‘வலுவாக’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். இரண்டு மீட்டரில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலைத் தொங்கவிட்டு அதைக் குறிபார்த்து அடிக்கச் சொல்வதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் ஏற்பாடு. அப்படிச் செய்தால் பிள்ளைகள் தவறிவிடக் கூடாது என்ற கவனத்தில் உடலை இறுக்கிக்கொண்டு, முழங்கையை முகத்துக்கு முன்னால் வைத்துப் பந்தைத் தள்ளுவார்கள். காலை முன்வைக்கத் தேவையே எழாது. பெரிய இலக்கும் சற்றுக் கூடுதலான தொலைவும் கொடுத்து, முழு வலுவோடு எறியச் சொன்னால், நீங்கள் கேட்காமலே உடல் திரும்பத் தொடங்குகிறது. குறி தப்பாமல் அடிப்பது பிறகு வர வேண்டிய பாடம். இந்தக் குறிப்பில் மதிப்பெண், போட்டி, பந்தைப் பிடித்தல் ஆகிய எதையும் சேர்க்க வேண்டாம்.

அவ்வளவு பெரிய இலக்கு உங்கள் ஊரில் எளிதாகக் கிடைக்கும். பயன்பாட்டிலிருந்து ஒதுக்கிய நைலான் வலையை ஒரு வீட்டில் கேட்டு வாங்கி, மைதானத்து ஓரத்தில் வரிசையாக நிற்கும் பனைகளிலோ ஊன்றிய கம்புகளிலோ ஓர் ஆள் உயரத்துக்கு மேல் கட்டுங்கள். அடிக்கயிற்றில் கோத்திருக்கும் ஈயக்குண்டுகளை முன்பே அறுத்து எடுத்துவிட வேண்டும். வலையை இழுத்துக் கட்டினால் பந்து எகிறித் திரும்பும். தளர்வாகத் தொங்கவிட்டால் பட்ட இடத்திலேயே கீழே விழும், மணலில் உருளவும் செய்யாது. வலை நீளம் போதாவிட்டால் மீதிப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சுவரைப் பயன்படுத்தலாம். காற்று பிள்ளைகளின் முதுகுப் பக்கமிருந்து வருமாறு வலையின் திசையை அமைத்துக்கொள்ளுங்கள். கச்சான் வீசும் மாதங்களில் காற்றை எதிர்த்து நிற்கவைத்தால் மணல் கண்ணில் விழும். பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு எறிவார்கள். காலைப் பாடவேளையாக இருந்தால் சூரியனும் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்து பந்துகளை வைத்துக்கொண்டு ஐந்து வரிசை நிறுத்தினால் ஒரு பந்துக்கு ஏறத்தாழ ஐந்து பிள்ளைகள் ஆகிறார்கள். எறிந்து, எடுத்து வந்து, அடுத்தவரிடம் கொடுக்க அரை நிமிடம் என்று வைத்தால், 20 நிமிடப் பயிற்சியில் ஒரு பிள்ளைக்கு எட்டு எறிதல்களே கிடைக்கும். பன்னிரண்டு பந்துகள் இருந்தால் இருவருக்கு ஒரு பந்து; அதே 20 நிமிடத்தில் ஒவ்வொருவரும் 20 முறை எறியலாம். மேலும் ஏழு பந்துகள் செய்வது கடினமல்ல. பழைய துணியை இறுக்கமாக உருட்டி, மேலே செய்தித்தாள் சுற்றி, நைலான் நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் போதும். அளவு டென்னிஸ் பந்தை மீறக் கூடாது. விரல்களால் பிடிக்க முடியாத பந்தைப் பிள்ளை உள்ளங்கையில் ஏந்தித் தள்ளத்தான் செய்யும். வெறும் காகிதப் பந்து காற்றில் விலகிப் போகும் என்பதால்தான் உள்ளே துணி. கனத்துக்காகக் கல்லோ சிப்பியோ வைத்துவிடாதீர்கள்.

இனி, உங்கள் மைதானத்து மணல். அதைக் குறையாகவே எண்ண வேண்டாம். இந்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல கருவி இல்லை. கால் புதையும் பொடிமணலைத் தவிர்த்து, சற்று இறுகிய இடத்தைத் தேர்ந்தெடுத்துத் தண்ணீர் தெளித்துவையுங்கள். உடைந்த சிப்பியும் கருவேல முள்ளும் இல்லாமல் கூட்டிவிடுங்கள். வலைக்கு இணையாக ஐந்து மீட்டர் தள்ளி ஒரு நீண்ட கோடு கிழியுங்கள். பிள்ளை கோட்டுக்குப் பின்னால், எறியாத பக்கத்துத் தோள் வலையைப் பார்க்கும்படி பக்கவாட்டில் வெறுங்காலோடு நிற்க வேண்டும். எறிந்து முடித்ததும் கோட்டைத் தாண்டிய பாதச்சுவடு அங்கேயே இருக்கும். எந்தக் கால் முன்னே போனது, எவ்வளவு தூரம் போனது என்பதைப் பிள்ளை தானே குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இடது வலது குழப்பம் இந்த வயதில் இயல்பு. ஆகவே அந்தச் சொற்களையே பாடத்தில் பயன்படுத்தாதீர்கள். வகுப்புக்கு முந்தைய நாள் ஒவ்வொரு பிள்ளையின் முன்னும் பந்தை நேர் நடுவில் வைத்து, மூன்று முறை எடுத்து எறியச் சொல்லுங்கள். எந்தக் கையால் எறிகிறது என்பது தெரிந்துவிடும். அந்தக் கைக்கு எதிர்க்காலின் கணுக்காலில் ஒரு வண்ண நூலைக் கட்டிவிட்டால், “நூல் கட்டிய கால்” என்று சொல்வது 24 பேருக்கும் பொருந்தும். இடதுகைப் பிள்ளைகளை வரிசையின் இடது ஓரத்தில் சற்று இடைவெளி விட்டு நிறுத்துங்கள். அப்போது அவர்கள் பக்கத்துப் பிள்ளைக்கு முதுகு காட்டி நிற்பார்கள், கைகள் மோதாது.

நேரத்தை இப்படிப் பங்கிடலாம். முதல் ஐந்து நிமிடம் பந்தில்லாமல் ஓட்டம்; விசில் கேட்டதும் கோட்டுக்குப் பின்னால் பக்கவாட்டில் நின்று, நூல் கட்டிய காலைக் கோட்டுக்கு அப்பால் வைக்க வேண்டும். அடுத்த நான்கு நிமிடம் செய்துகாட்டல். பிள்ளைகளை நோக்கி நின்று செய்துகாட்டினால் அவர்களுக்குக் கால் மாறித் தெரியும். ஆகவே அவர்களுக்கு முதுகு காட்டி வலையைப் பார்த்து நின்று, முழு வேகத்தில் எறிந்துகாட்டுங்கள். மெதுவாக உடைத்துக் காட்டினால் பிள்ளைகள் அந்த மெதுவான அசைவையே கற்றுக்கொள்வார்கள். சொல்ல வேண்டியவை மூன்று சொற்களே: “காட்டு, வை, வீசு.” தோளை வலைக்குக் காட்டு, காலை வை, பந்தை வீசு. மூன்றையும் வாய்விட்டுச் சொன்னாலும், நீங்கள் திருத்துவது நடுச்சொல்லை மட்டுமே.

இங்கே ஓர் எச்சரிக்கை. வீச்சு வலை எறிவதை உங்கள் பிள்ளைகள் நாள்தோறும் பார்த்திருப்பார்கள். அதை உதாரணம் காட்டத் தோன்றும். அதில் இரு கைகளும் இடுப்பளவில் சுழன்று வருவதால், பிள்ளைகள் பந்தையும் பக்கவாட்டில் சுழற்றி விடுவார்கள். அந்த உதாரணம் வேண்டாம்.

பிறகு வரும் 20 நிமிடமே பாடம். இருவரில் ஒருவர் எறிய, மற்றவர் மூன்றடி பின்னால் நின்று காலை மட்டும் பார்த்து “நூல்” அல்லது “மறுகால்” என்று சொல்ல வேண்டும். ஐந்து எறிதலுக்கு ஒருமுறை மாறிக்கொள்ள வேண்டும். எல்லோரும் உங்கள் “வீசு” கேட்டு ஒன்றாக எறிவதும், “எடு” கேட்ட பிறகே பந்தை எடுக்க ஓடுவதும் மாறாத விதி. எளிதாகச் செய்பவர்களைக் கோட்டிலிருந்து இரண்டு மீட்டர் பின்னால் நகர்த்தி, அங்கே அவர்களுக்கென ஒரு கோடு கிழியுங்கள். தூரம் கூடினால் காலடியும் நீளும். ஆனால் அப்படி நகர்த்துவது இருவரையும் சேர்த்தும், வரிசையின் ஓரத்திலும் மட்டுமே. எறிபவருக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

நீங்கள் வரிசையின் வலது ஓரத்தில் நில்லுங்கள். வலதுகைப் பிள்ளைகளின் மார்பு உங்களை நோக்கி இருப்பதால் கால், இடுப்பு, முழங்கை மூன்றும் அங்கிருந்து தெரியும். இடதுகைப் பிள்ளைகளுக்கு மறு ஓரத்துக்குப் போங்கள். பந்து எங்கே போகிறது என்று பார்க்காமல் காலையே பார்க்க வேண்டும். இது முதலில் கடினமாகவே இருக்கும்.

சுவடு காட்டாத ஒரு பிழை உண்டு. சில பிள்ளைகள் நின்றபடி எறிந்துவிட்டு, பந்து கையை விட்டுப் போன பிறகு சரியான காலை எடுத்துவைப்பார்கள். மணலில் சுவடு சரியாகவே இருக்கும். எறிதலில் வலு இருக்காது. அவர்களை நூல் கட்டிய காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி, பாதம் தரையில் பட்ட பிறகே கையை வீசச் சொல்லுங்கள். வேறொரு வகைப் பிள்ளை மெதுவாகச் செய்யும்போது காலைச் சரியாக வைத்து, வலுவாக எறியச் சொன்னதும் பழைய காலுக்கே திரும்பும். அது பின்னடைவு அல்ல. புதிய அசைவு இன்னும் படியவில்லை என்பதே பொருள். வேகத்தைக் குறைக்காமல், இருவரையும் சேர்த்து வரிசையின் ஓரத்தில், வலையிலிருந்து மூன்று மீட்டர் தொலைவுக்கு முன்னே அழைத்து மீண்டும் எறியவிடுங்கள்.

மதிப்பிட எட்டு நிமிடம். பாதிப் பேர் கோட்டில் நின்று மூன்று முறை எறியட்டும்; ஒவ்வொரு முறையும் வரிசையில் நான்கு பேரை மட்டும் பாருங்கள்; பிறகு மறுபாதி. பெயர்ப்பட்டியலில் எதிர்க்கால் என்றால் ‘எ’, அதே பக்கத்துக் கால் என்றால் ‘அ’, அசையாமல் நின்றால் ‘நி’ என்று ஓர் எழுத்து போதும். கடைசி மூன்று நிமிடம் பந்துகளையும் நூல்களையும் சேகரிக்க.

குறிப்பின் இறுதியில் அடுத்த பாடவேளைக்கான ஒரு வரியை இந்த எழுத்துகளைக் கொண்டே எழுதுங்கள். ‘அ’, ‘நி’ பெற்றவர்கள் வகுப்பில் பாதிக்கு மேல் இருந்தால், அடுத்த முறையும் இதே பாடம்தான், கோடு மூன்று மீட்டரில். ‘எ’ பெற்றவர்கள் மிகுதியானால், அதே கோட்டுக்கு முன்னால் அரை மீட்டரில் இரண்டாவது கோடு கிழித்து, காலடியை நீட்டுவதைக் கற்றல் விளைவாக எழுதுங்கள். முழங்கையைப் பற்றிய பாடம் அதற்கும் பிறகுதான்.