பட்டறைக் கட்டணத்தில் எவ்வளவு பிடித்துக்கொள்ளலாம்?

கேள்வி: கோவையில் மாதம் ஒரு ஞாயிறு மண்பாண்டப் பட்டறை நடத்துகிறேன். ஆளுக்கு 4,000 ரூபாய், 12 இடம். மண்டப வாடகை 12,000. அதை 10 நாள் முன்பே கட்டிவிட வேண்டும், திரும்ப வராது. 'கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது' என்று இணையப் படிவத்தில் போட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை விலகிய ஒருவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்கிறார். இனி எப்படி எழுதுவது?

பதில்: அந்த ஒரு வரியை மட்டும் நம்பி ஆணையத்தில் நிற்காதீர்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை முழுவதையும் தருவதில்லை. அதற்கு உட்பட்டு, நியாயமான இழப்பீட்டைத்தான் தருகிறது. இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்கிறது. ஆகவே கெடு தேதிகள் உங்கள் செலவுக் கணக்கிலிருந்து வர வேண்டும்.

மண்டபப் பணம் கட்டும் நாள்தான் முதல் கெடு. அதற்கு முன் விலகினால், பணம் வசூலிக்கும் செயலி பிடித்த கட்டணத்தைக் கழித்து மீதியைத் தந்துவிடுங்கள். அதன்பின் பட்டறைக்கு முந்தைய வியாழன் மாலை 6 மணி வரை விலகுபவரிடம் மண்டபப் பங்கான 1,000 பிடித்து 3,000 தரலாம். அதற்கும் பிறகு அந்த இடத்துக்கு வேறு ஆள் கிடைப்பது அரிது; சாப்பாடும் சொல்லியாகிவிட்டது. அங்கே பாதி, அதாவது 2,000 பிடிப்பதை நியாயப்படுத்த முடியும். முழுவதையும் பிடிப்பது கடினம். அவருக்கென்று வாங்கிய களிமண் ஈரம் காயாமல் கட்டிவைத்தால் அடுத்த மாதத்துக்கு உதவும். அதை இழப்பு என்று சொல்ல முடியாது.

காத்திருப்போர் பட்டியலில் இருந்து ஒருவர் அந்த இடத்தை எடுத்துக்கொண்டால் உங்களுக்கு இழப்பே இல்லை. அப்போது 200 ரூபாய் மட்டும் பிடித்து மீதியைத் தருவேன் என்று எழுதுங்கள். பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்த வரியைத்தான். ஆணையத்தில் உங்களுக்குக் கைகொடுப்பதும் இதுதான்.

'மூன்று நாள் முன்பு' என்று எழுதாதீர்கள். பட்டறை நாளைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று அங்கேதான் தகராறு தொடங்கும். ஒவ்வொரு பட்டறைக்கும் தேதியும் மணியும் போடுங்கள். விலகல் எந்த மின்னஞ்சலுக்கு வந்தால் செல்லும் என்பதையும் சொல்லுங்கள்.

நீங்களே ரத்து செய்தால் 4,000-மும் திரும்ப வேண்டும், செயலிக் கட்டணம் உட்பட. 'வேறு தேதியில் வாருங்கள்' என்பது அவர் விரும்பினால் மட்டும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் பொருந்தும் இடத்தில், நிறுவனம் தானாக ரத்து செய்யும்போது அதே போன்ற கட்டணத்தை ஏற்காவிட்டால், வாடிக்கையாளரிடம் ரத்துக் கட்டணம் வாங்கக் கூடாது. எனவே நீங்கள் ரத்து செய்தால் அவருக்குத் தரும் தொகையையும் எழுதிவையுங்கள். ஒப்புதல் கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைக்கவும் கூடாது. பணம் கட்டுமுன் அவரே போட வேண்டும்.

இப்போது விலகியவருக்கு 2,000 கொடுத்து, 'முழுத் தீர்வாகப் பெற்றேன்' என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். அவர் இடத்தில் யாராவது வந்து உட்கார்ந்திருந்தால் 3,800 கொடுங்கள். 5 லட்சம் வரையான வழக்குக்கு ஆணையத்தில் கட்டணமே கிடையாது. அவர் சொன்னபடி செய்வதற்குத் தடை ஒன்றும் இல்லை.