வளைவை ஏன் திருப்புகிறார்கள்?

அன்புள்ள ஐயா,

மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கன்வல்யூஷன் ஸ்லைடுகளில் ஒரு வளைவை இடவலமாகத் திருப்பி, இன்னொன்றின் மேல் தள்ளிக்கொண்டே போகிறார்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்துக்கு நிறம் பூசியிருக்கிறது. எதற்குத் திருப்ப வேண்டும்? கணக்குப் போட வருகிறது, படம்தான் பிடிபடவில்லை.

ஒரு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ஸ்லைடுகளில் பெரும்பாலும் இரண்டு செவ்வகங்களைத்தான் வரைவார்கள். செவ்வகத்தைத் திருப்பினாலும் செவ்வகம்தான். அதனால் திருப்பியது கண்ணுக்கே தெரியாது. ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்வோம்.

ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர் உள்ள சுற்று, நேர மாறிலி 1 நொடி. அதன் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் h(t) = e^(−t). அதாவது சுருக்கென்று ஒரு தட்டு தட்டினால், ஏறிய மின்னழுத்தம் ஒரு நொடியில் 0.37 பங்காக வடிந்துவிடும். உள்ளே கொடுப்பது 0 முதல் 2 நொடி வரை 1 வோல்ட் பல்ஸ்.

இப்போது t = 1இல் நின்று பின்னால் திரும்பிப் பாருங்கள். பல்ஸை மெல்லிய கீற்றுகளாக வெட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணம் வந்த கீற்று இன்னும் வடியவில்லை, அதன் எடை 1. ஒரு நொடி முன்பு வந்ததன் எடை 0.37. புதியது வலப்பக்கம், பழையது இடப்பக்கம். இந்த எடைகளை வரைந்தால் வலது ஓரத்தில் உயர்ந்து இடப்பக்கம் சரியும் வளைவு வரும். அதுதான் திருப்பிய h. சூத்திரத்தில் h(t−τ) என்று வருகிறதே, அந்த t−τ கீற்றின் வயது.

```
y(t) = ∫ x(τ) h(t−τ) dτ
```

படத்தின் அச்சு τ. t என்பது வளைவை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்பது மட்டும்தான். ஆகவே ஒவ்வொரு படமும் விடையில் ஒரே ஒரு புள்ளியைத் தரும். t = 1இல் பரப்பு 0.63. t = 2இல் 0.86. t = 3இல் பல்ஸ் முடிந்து ஒரு நொடி ஆகிவிட்டது, வளைவின் உயரமான முனை பல்ஸைத் தாண்டிப் போய்விட்டது, சரிந்த வால் மட்டும் உள்ளே இருக்கிறது: 0.32.

அப்புறம் அந்த நிறம். அது இரண்டும் படியும் பரப்பு அல்ல, இரண்டையும் பெருக்கி வந்த வளைவின் பரப்பு. பல்ஸின் உயரம் 1 என்பதால் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. உயரத்தை 2 ஆக்கிப் பாருங்கள். t = 1இல் படியும் பரப்பு அதே 0.63தான், சரியான விடையோ 1.26. எனக்கு அந்த ஸ்லைடுகள்மேல் உள்ள பெரிய குறை இதுதான்.

திருப்ப மறந்துவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? திருப்பாமல் தள்ளி t = −1இல் கணக்குப் போட்டுப் பாருங்கள், 0.32 வரும். பல்ஸ் வருவதற்கு ஒரு நொடி முன்பே கெபாசிட்டரில் மின்னழுத்தம் ஏறிவிட்டதாகச் சொல்கிறது அந்தப் படம்.