மகத்திலிருந்து சித்திரைக்கு எத்தனை ராத்திரி?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

என் மகளுக்கு எட்டு வயது. பொழுது சாய்ந்தால் மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். நிலா நேற்று அங்கே இருந்ததே, இன்று ஏன் இங்கே, நாளைக்கு எங்கே இருக்கும் என்று கேள்வி நிற்பதே இல்லை. எனக்குத் தெரிந்த பதில்கள் தீர்ந்துவிட்டன. எங்கள் மாடியிலிருந்து நட்சத்திரங்களும் அதிகம் தெரியாது. விண்வெளி விளையாட்டு என்று செயலிகளும் அட்டைப்பெட்டி விளையாட்டுகளும் நிறைய விற்கிறார்கள். எதை வாங்கலாம்?

– ஒரு வாசகி, பெரம்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். உங்கள் மகள் கேட்கிற “நாளைக்கு எங்கே இருக்கும்” என்ற கேள்விக்கான விடை ஒவ்வொரு தாளிலும் அச்சாகியிருக்கிறது. “இன்று மாலை இத்தனை மணி வரை மகம், பிறகு பூரம்” என்று போட்டிருப்பார்கள் அல்லவா, அது நிலா வானத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும் முகவரி. ஜோசியத்தை இங்கே ஓரமாக வைத்துவிடலாம். நிலா போகும் பாதையை 27 சம பங்காகப் பிரித்திருக்கிறார்கள், ஒரு பங்கு பதின்மூன்று டிகிரியும் கொஞ்சமும், நிலா சராசரியாக ஒரு நாளில் நகர்வதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

டிகிரியை அளக்கக் கருவி வேண்டாம். கையை நேராக நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் பத்து டிகிரி. குழந்தையின் முஷ்டி சிறியது, ஆனால் கையும் நீளம் குறைவு என்பதால் அவளுக்கும் கணக்கு ஒத்துவரும். சரிபார்க்க, தொடுவானத்திலிருந்து முஷ்டி மேல் முஷ்டியாக அடுக்கி உச்சி வரை போகச் சொல்லுங்கள். ஒன்பது வந்தால் சரி.

விளையாட்டைச் சித்திரை மாதத்தில், சித்ரா பௌர்ணமிக்கு நாலைந்து நாள் முன்னால், காலண்டரில் மகம் வரும் அன்று தொடங்குங்கள். ராத்திரி ஒன்பது மணிவாக்கில் நிலா கிட்டத்தட்ட தலைக்கு மேலே இருக்கும். அதன் அருகில் ஓரளவு பிரகாசமாக ஒரு வெள்ளை நட்சத்திரம் தெரியும், அதுதான் மகம், ஆங்கிலத்தில் ரெகுலஸ். நிலா வெளிச்சம் கண்ணைக் கூசினால் கட்டைவிரலால் நிலாவை மறைத்துவிட்டுப் பாருங்கள். அப்புறம் தென்கிழக்கில், பாதி உயரத்தில், நீலம் கலந்த வெள்ளையாக இன்னொன்று தனியாக நிற்கும். அது சித்திரை, அதாவது ஸ்பைகா. இரண்டுமே சென்னை வெளிச்சத்திலும் தெரிகிறவை. இப்போது கேளுங்கள்: “இந்த நிலா எத்தனை ராத்திரியில் அந்த நட்சத்திரத்துக்கிட்டப் போய்ச் சேரும்?”

முதலில் அவள் தோன்றியதைச் சொல்லட்டும், அதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வையுங்கள். பிறகு அளக்கட்டும். ரெகுலஸிலிருந்து ஸ்பைகா வரை ஐந்தரை முஷ்டி, அதாவது ஐம்பத்தைந்து டிகிரிக்குப் பக்கம். ஒரு நாளைக்கு ஒரு முஷ்டியும் இன்னொரு கால் முஷ்டிக்குக் கொஞ்சம் மேலும் என்று கழித்துக்கொண்டே போனால் நான்கு ராத்திரி வரும். காலண்டரைப் புரட்டுங்கள்: மகம், பூரம், உத்திரம், அஸ்தம், சித்திரை. மகத்துக்குப் பிறகு நாலாவது பெயர் சித்திரை! இந்த இடத்தில் குழந்தைகள் காலண்டரைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள், விட்டுவிடுங்கள். ஆனால் நாலு ராத்திரியும் அதே நேரத்துக்கு மாடிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். நேரம் மாறினால் விளையாட்டு குழம்பிவிடும், ஏனென்றால் ஒரே இரவில் பார்த்தால் நிலாவும் மற்ற எல்லாமும் மேற்கே போகும், அது பூமி சுற்றுவதால் வருவது. நிலாவின் சொந்த நடை கிழக்கே, மணிக்கு ஏறக்குறைய தன் அகலம் அளவுதான். பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருந்தால் இரண்டு மணி நேர இடைவெளியில் அந்த நகர்வைக் கண்ணாலேயே பிடிக்கலாம்.

இடையில் ஒரு பொறி இருக்கிறது. வடகிழக்கில் ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று சுவாதி நட்சத்திரம் நிற்கும், சுவாதி என்று தாளில் போட்ட அன்று நிலா அதன் பக்கத்தில் இருக்கும் என்று அவள் எதிர்பார்ப்பாள். இருக்காது. சுவாதி நிலாப் பாதைக்கு வடக்கே இரண்டரை முஷ்டிக்கு மேல் தள்ளியே இருக்கிறது. 27 பெயர்களில் நட்சத்திரத்தை உரசிப் போவது கார்த்திகை, ரோகிணி, மகம், சித்திரை மாதிரி சிலவற்றில்தான், அங்கேயும் சில வருடம் ஒட்டியும் சில வருடம் ஒரு முஷ்டி தள்ளியும் போகும்.

இனி அவள் “ஏன்” என்று கேட்பாள். அதற்கு மாடித் தரையில் கோலமாவால் பெரிய வட்டம் போட்டு 27 புள்ளி வையுங்கள், அசுவினியில் தொடங்கி வரிசையாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். நடுவில் நீங்கள் பூமி. மகள் ஒரு வெள்ளைப் பந்தைப் பிடித்தபடி நிலா. அப்பா வட்டத்துக்கு வெளியே டார்ச்சுடன் சூரியன், சித்திரை மாதத் தொடக்கம் என்பதால் அசுவினிக்கு நேராக நிற்கட்டும். மகள் சித்திரைப் புள்ளியில் நிற்கட்டும், சூரியனுக்கு நேர் எதிரே. பந்தை உங்கள் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். தாழ்த்திப் பிடித்தால் உங்கள் தலை நிழல் பந்தில் விழுந்து ஒவ்வொரு பௌர்ணமியும் கிரகணமாகிவிடும். நிஜ நிலாவும் பெரும்பாலான மாதங்களில் நிழலுக்கு மேலேயோ கீழேயோ விலகித்தான் போகிறது. பந்து முழுவதும் வெளிச்சம், பௌர்ணமி.

இனி அவள் நாளுக்கு ஒரு புள்ளி நடக்கட்டும். அப்பா பதின்மூன்று, பதினான்கு நாளுக்கு ஒரு புள்ளி அதே திசையில் நகர வேண்டும். அவள் 27 புள்ளி சுற்றி மறுபடியும் சித்திரைக்கு வந்து நிற்கும்போது பந்து முழுசாக இருக்காது. ஒரு பக்கம் கொஞ்சம் இருட்டு. ஏன் என்று அவளே பார்த்துச் சொல்லிவிடுவாள், அப்பா இரண்டு புள்ளி தள்ளிப் போய்க் கார்த்திகையில் நிற்கிறார். எதிரே போய் நிற்க அவளும் இன்னும் இரண்டு புள்ளி நடக்க வேண்டும். சித்திரைக்கு அடுத்தது சுவாதி, அதற்கடுத்தது விசாகம். அடுத்த பௌர்ணமி விசாகத்தில், வைகாசி விசாகம்! நட்சத்திரத்துக்குத் திரும்பிவர 27 நாளும் கொஞ்சமும், பௌர்ணமியிலிருந்து பௌர்ணமிக்கு 29 நாளும் அரையும் ஆவதன் காரணம் இதுதான், அதை அவள் காலால் நடந்து கண்டுபிடித்திருப்பாள். பண்டிகை சில வருடம் ஒரு நாள் முன்பின்னாக வரும், அதுவும் இந்த அரை நாள், கால் நாள்களின் வேலைதான்.

செயலி என்றால் Stellarium நல்லது, கணினியில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அது நடுவராக இருக்கட்டும், அவள் கணித்து எழுதிய பிறகுதான் திறக்க வேண்டும். தொலைநோக்கி இன்னும் ஒரு வருடம் பொறுக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்குக் கூட்டிப் போங்கள்.

இன்னொரு கணக்கையும் அவளிடம் கொடுங்கள், விடையைச் சொல்லாமல். ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி மேகம் விட்டால், தென்கிழக்கில் சிவப்பாக ஒரு நட்சத்திரம் தெரியும், கேட்டை, அதாவது அன்டாரிஸ். நிலா அதை எந்தப் பெயர் போட்ட நாளில் கடக்கிறது என்று அவள் குறிக்கட்டும். கேட்டை என்ற பங்கு தொடங்கும் முன்பே, அனுஷத்தின் கடைசியிலேயே கடந்துவிடும். சம பங்காக வெட்டிய கோடு அந்த நட்சத்திரத்துக்குச் சற்றுத் தள்ளி விழுந்திருக்கிறது. உங்கள் காலண்டர் வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் மணிக்கணக்கில் வித்தியாசம் வரும், வானத்தோடு நெருக்கமாக ஒத்துப்போவது திருக்கணிதம்.